‘பார்க்கிறேன்’ சொல்லிப் பன்னிரண்டு நாள்

வாசகர் கேள்வி:

கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தோம். பதினெட்டு வருட நட்பு. சமீபத்தில் அவன் ஒரு பெரிய தொகை கடனாகக் கேட்டான். என் பத்து மாதச் சம்பளம் அது. தொழிலில் ஒரு பெரிய வாடிக்கையாளரிடமிருந்து பணம் வர வேண்டியிருக்கிறதாம், வந்ததும் ஆறே மாதத்தில் திருப்பித் தந்துவிடுவானாம். என்னிடம் பணம் இருப்பது அவனுக்குத் தெரியும். மகளின் மேல்படிப்புக்குச் சேர்த்தது, அடுத்த வருடம் கட்ட வேண்டும். “பார்க்கிறேன்டா” என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுபடி கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. இப்போது அவன் போனை எடுக்கவே பயமாக இருக்கிறது. கொடுக்க எனக்கு மனமில்லை, மனைவிக்கும் விருப்பமில்லை. ஆனால் என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பதினோரு ராத்திரி என்னோடு பெஞ்சில் படுத்தவன் அவன். அவனிடம் எப்படி இல்லை என்று சொல்வது?

பதில்:

முதலில் அந்தப் ‘பார்க்கிறேன்’ பற்றிப் பேசிவிடலாம். கடனில் மாட்டிக்கொண்டவர்களோடு உட்கார்ந்து கணக்குப் போடுவது என் தொழில். வருகிறவரிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, கொடுக்க வேண்டியதை இடது பக்கமும் வர வேண்டியதை வலது பக்கமும் எழுதச் சொல்வேன். வலது பக்கத்தில் அடிக்கடி ஒரு வரி வரும்: ‘நண்பர் தருகிறார்.’ “தருகிறேன் என்றே சொன்னாரா?” என்று கேட்பேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “பார்க்கிறேன்னு சொல்லியிருக்கார் மேடம்” என்பார். அந்த வரியை அடித்துவிடச் சொன்னால் முகம் சுண்டிப்போகும். ஏனென்றால் அந்த வரியை நம்பி அவர் ஏற்கெனவே இடது பக்கத்தில் இருக்கும் யாரோ ஒருவருக்கு ஒரு தேதி சொல்லிவிட்டிருப்பார்.

உங்கள் நண்பரும் யாருக்காவது தேதி சொல்லியிருக்கலாம். நீங்கள் ‘இல்லை’ என்பதை மென்மையாகச் சொல்ல நினைத்து ‘பார்க்கிறேன்’ என்றீர்கள். அவருக்கோ அது ‘ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன்’ என்று கேட்டிருக்கும். நெருக்கடியில் இருப்பவர் காது அப்படித்தான் கேட்கும், அதில் அவர் தப்பு எதுவும் இல்லை. முதல் நாளே மறுத்திருந்தால் அவருக்கு வேறு வழி தேடப் பன்னிரண்டு நாள் கிடைத்திருக்கும். ஆகவே நீங்கள் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. பணம் தராததற்கு அல்ல, தாமதத்துக்கு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

கொடுக்கலாமா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். அதைக் கிளற மாட்டேன். ஆனால் பேசும்போது உங்கள் குரல் ஆடாமல் இருக்க அந்த முடிவின் கணக்கு உங்களுக்குத் தெளிவாக இருக்கட்டும். சம்பளத்தில் கால்வாசியை மிச்சம் பிடிக்கிற குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். பத்து மாதச் சம்பளத்தை மறுபடி சேர்க்க நாற்பது மாதம் ஆகும். மூன்று வருடத்துக்கு மேல். உங்கள் மகளுக்கு அவ்வளவு நாள் இல்லை. நண்பர் பக்கத்தையும் பாருங்கள். ஆறு மாதத்தில் திருப்புவதென்றால் மாதத்துக்கு உங்கள் ஒன்றரைச் சம்பளத்துக்கும் மேலே அவர் எடுத்துவைக்க வேண்டும். இப்போது கையில் பணமில்லாத தொழிலிலிருந்து அது வராது. அப்படியானால் திருப்பித் தருவது முழுக்க அந்த ஒரே ஒரு வாடிக்கையாளரின் கையில் இருக்கிறது. நண்பர் நாணயமானவர்தான். நீங்கள் சந்தேகப்பட வேண்டியது அவரை அல்ல, உங்களுக்கு முகமே தெரியாத அந்த மூன்றாம் மனிதரை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. அந்தத் தாளின் இடது பக்கத்தில், எதை முதலில் கட்டுவது என்று வரிசைப்படுத்தச் சொன்னால் நண்பர்களின் கடன் எப்போதும் கடைசியில்தான் வரும். அன்பில்லாததால் அல்ல. வங்கிக்குத் தவணை தவறினால் அபராதம் உண்டு, வட்டிக்கு விட்டவர் வாசலுக்கு வருவார், சரக்குக் கொடுத்தவர் அடுத்த லோடை நிறுத்திவிடுவார். நண்பருக்கு வட்டியும் இல்லை, தேதியும் இல்லை, அவர் வாசலில் வந்து நின்று கத்தவும் மாட்டார். அதனால் ஒவ்வொரு மாதமும் கையில் வரும் பணம் கத்துகிறவர்களுக்குப் போய்விடுகிறது. ‘அவன் புரிந்துகொள்வான்’ என்று நினைத்தபடியே ஒருவர் நான்கு வருடம் தள்ளிப்போட்டதைப் பார்த்திருக்கிறேன். கடன் வாங்கினவர் என் முன்னால் அழுதார். கொடுத்தவர் அதற்குள் அவரோடு பேச்சை நிறுத்திப் பல நாள் ஆகியிருந்தது.

சரி, எப்படிச் சொல்வது?

நேரில் பார்க்க முடிந்தால் நேரில், இல்லையென்றால் போனில். முதல் தடவையாகச் சொல்வதை மெசேஜில் சொல்லாதீர்கள். பதினோரு ராத்திரி கூட இருந்தவருக்கு எழுத்தில் வரும் மறுப்பு, ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கும். நேரில் என்றால் அவர் வீட்டில் வேண்டாம், அவர் மனைவி மக்கள் காதில் விழும். உங்கள் வீட்டிலும் வேண்டாம், கேட்டதும் அவருக்கு எழுந்து போகத் தோன்றலாம், விருந்தாளியாக உட்கார்ந்திருப்பவர் சட்டென எழ முடியாது. இரண்டு பேரும் நடந்துகொண்டே பேசுவது நல்லது. முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, மௌனம் வந்தாலும் கால் நடந்துகொண்டிருக்கும்.

மறுப்பு முதல் அரை நிமிடத்துக்குள் வந்துவிட வேண்டும். குடும்ப நலம், பழைய கதை, சிரிப்பு என்று பத்து நிமிடம் பேசிவிட்டுக் கடைசியில் போட்டால், அந்தப் பத்து நிமிடமும் அவர் ‘தரப் போகிறான் போல’ என்று நினைத்திருப்பார். அப்புறம் அந்தச் சிரிப்பையெல்லாம் திரும்ப நினைத்துப் பார்த்து நடிப்பு என்பார். இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

“டேய், நீ கேட்ட பணத்தைப் பத்திப் பேசத்தான் வந்தேன். என்னால தர முடியாதுடா. நல்லா யோசிச்சுதான் சொல்றேன். இதை அன்னைக்கே சொல்லியிருக்கணும். பார்க்கிறேன்னு சொல்லி உன்னை இத்தனை நாள் காக்க வெச்சது என் தப்பு, மன்னிச்சுக்கோ.”

அவ்வளவுதான். இதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு அவரைப் பேச விடுங்கள். இதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமான இடம். அந்த நாலைந்து விநாடி மௌனத்தைத் தாங்க முடியாமல்தான் பெரும்பாலானவர்கள் காரணங்களைக் கொட்ட ஆரம்பிக்கிறார்கள்.

வார்த்தையிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். ‘இப்போ முடியலை’ என்று சொல்லாதீர்கள். ‘முடியலை’ என்பது இந்த நேரத்து நிலைமை. ‘அப்போ எப்போ முடியும்?’ என்ற கேள்வியை அதுவே கூட்டிவருகிறது. ‘தர மாட்டேன்’ என்பது முகத்தில் அடித்தது போல இருக்கும். ‘தர முடியாது’ இரண்டுக்கும் நடுவில் நிற்கிற சொல். முடிவு என்பதும் புரியும், வீம்பு இல்லை என்பதும் புரியும். ‘கொஞ்சம் கஷ்டம்தான்’, ‘பார்ப்போம்’, ‘ட்ரை பண்றேன்’ எல்லாம் மறுபடியும் அந்தத் தாளின் வலது பக்கத்துக்கே போய்ச் சேரும்.

இனி காரணம். ஏன் என்று அவர் கேட்பார். இந்த இடத்தில் பொய் சொல்லத் தோன்றும், அதுவும் நல்ல மனதோடுதான் தோன்றும். என்னிடம் வந்த ஒருவரின் கதையைச் சொல்கிறேன். அவரிடம் நண்பர் கேட்டது அரை வருட வருமானம். அவர், ‘பணம் டெபாசிட்டில் இருக்கிறது, முதிர்வுக்கு முன் எடுத்தால் வட்டி போய்விடும்’ என்றார். மறுநாள் நண்பர், எவ்வளவு வட்டி போகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்து, அதையும் சேர்த்துத் தருகிறேன் என்றார். அடுத்து இவர், ‘மனைவி கையெழுத்தும் வேண்டும்’ என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையே நண்பர் தன் மனைவியோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, இவர் மனைவியிடமே கண்கலங்கக் கேட்டார். ஒன்றும் தெரியாத அந்த அம்மா திகைத்துப்போனார். அடுத்த வாரம் இவர், ‘தம்பியும் கேட்டிருக்கிறான்’ என்றார். நண்பர் தம்பிக்கே போன் போட்டுவிட்டார். ஐந்தாவது வாரம் சொல்வதற்கு எதுவும் மிச்சமில்லாமல் பணத்தைக் கொடுத்தார். இரண்டு வருடம் கழித்து அவர் என்னிடம் வந்தபோது பணமும் வரவில்லை, நட்பும் இல்லை.

நண்பர் அங்கே தொந்தரவு செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். ‘டெபாசிட்தான் பிரச்சினை’ என்றால், டெபாசிட் பிரச்சினையைத் தீர்த்தால் பணம் கிடைக்கும் என்றுதானே அர்த்தம்? அவர் தீர்த்துக்கொண்டே வந்தார். நாம் சொல்லும் ஒவ்வொரு சாக்கும், அவர் முடித்துத் தர வேண்டிய ஒரு வேலையாகிவிடுகிறது. முடித்துத் தந்த பிறகும் இல்லை என்றால், அப்போது அவருக்கு வரும் கோபம் நியாயமானதுதான்.

உங்கள் விஷயத்தில் இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது. மகளின் படிப்பு என்பது உண்மையான காரணம், ஆனால் அதிலும் ஓட்டை உண்டு. ‘அடுத்த வருஷம்தானே கட்டணும், நான் ஆறு மாசத்துல தந்துடறேனே’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். காலண்டர் அவர் பக்கம் இருக்கிறது. நீங்கள் உடனே, ‘அந்த வாடிக்கையாளர் தராவிட்டால்?’ என்று கேட்பீர்கள். அவர் அந்த வாடிக்கையாளரின் யோக்கியதையை விளக்குவார். அங்கிருந்து பேச்சு அவர் தொழிலைப் பற்றிய விசாரணையாகிவிடும். பணம் தரப்போகாதவருக்கு அந்த விசாரணையை நடத்தும் உரிமை கிடையாது என்பது என் அபிப்பிராயம். கணக்கைக் காட்டு, ரசீதைக் காட்டு என்று பார்த்துவிட்டுக் கடைசியில் இல்லை என்றால், அது மறுப்பைவிடப் பெரிய அவமானம்.

ஆகவே காரணத்தைச் சொல்லலாம், ஆனால் அதை வாதமாக வைக்காதீர்கள். ஒரே ஒரு தடவை, ஒரே வரியில்: “அது அவ படிப்புக்குன்னு ஒதுக்கினது. அதை யாருக்கும் கடனாத் தர்றதில்லைன்னு முடிவு பண்ணிட்டோம்.” அவர் தேதியைச் சொல்லி வாதிட்டால் ஒத்துக்கொள்ளுங்கள்: “நீ சொல்ற தேதி சரிதான்டா. இருந்தாலும் அதை எடுக்கப் போறதில்லை.” அவர் சொல்வது சரி என்று ஏற்றுக்கொண்டே மறுப்பில் நிற்கலாம். இரண்டும் ஒன்றையொன்று வெட்டாது. மூன்றாம் தடவை கேட்டாலும் அதே வரியையே சொல்லுங்கள். புதிய வார்த்தை தேடாதீர்கள், புதிய வார்த்தையில் புதிய ஓட்டை இருக்கும்.

மேலே ‘முடிவு பண்ணிட்டோம்’ என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். ‘அவ ஒத்துக்கலைடா’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த நிமிடத்துக்கு அது ரொம்ப வசதியான வழி, நண்பரும் உங்கள் மேல் இரக்கப்பட்டுப் போய்விடுவார். ஆனால் இனி உங்கள் வீட்டுக்கு அவர் வரும் ஒவ்வொரு தடவையும், கதவைத் திறக்கிற உங்கள் மனைவி அவருக்கு வில்லியாகத் தெரிவார். அந்த அம்மாவுக்கு ஏன் என்றே தெரியாது.

இதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். பெரிய தொகை கேட்டவர்கள் மறுப்புக்குப் பிறகு பெரும்பாலும் இரண்டாவதாக ஒன்று கேட்பார்கள். பலர் சறுக்குவது அங்கேதான். 1975-இல் ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் செய்த ஒரு சோதனை உண்டு. சீர்திருத்த இல்லத்துப் பிள்ளைகளை ஒரு நாள் இரண்டு மணி நேரம் மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப்போக முடியுமா என்று கல்லூரி மாணவர்களிடம் நேரடியாகக் கேட்டபோது ஆறில் ஒருவர்தான் சம்மதித்தார். வேறு சிலரிடம் முதலில், வாரம் இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு வருடம் அந்தப் பிள்ளைகளுக்கு வழிகாட்ட முடியுமா என்று கேட்டார்கள். எல்லோரும் மறுத்தார்கள். உடனே மிருகக்காட்சிசாலையைக் கேட்டபோது பாதிப்பேர் சரி என்றார்கள். ஒருமுறை மறுத்துவிட்ட குற்ற உணர்வும், ‘அவரே இறங்கி வந்துவிட்டார், நாமும் கொஞ்சம் இறங்கினால் என்ன’ என்கிற எண்ணமும் சேர்ந்து செய்கிற வேலை இது. உங்கள் நண்பர் திட்டம் போட்டுச் செய்யவில்லை. தவிப்பில் இருக்கிறவர் இயல்பாகவே படி படியாக இறங்குவார். ஆனால் உங்கள் மனதில் நடப்பது அதேதான்.

அந்த இரண்டாவது கேள்வி பொதுவாக, ‘சரி, பாதியாவது?’ என்று வரும். உங்கள் கணக்கில் பாதி என்பது ஐந்து மாதச் சம்பளம், இருபது மாதச் சேமிப்பு. அவருக்கோ பாதி போதாது, மீதிக்கு இன்னொருவரிடம் போக வேண்டும், ஓட்டையும் முழுதாக அடைபடாது. பாதி கொடுத்தவர்கள் மூன்று மாதம் கழித்து, ‘மீதியும் கிடைத்தால்தான் முதலில் தந்ததும் திரும்பும்’ என்ற பேச்சைக் கேட்டிருக்கிறார்கள். அதனால் பாதிக்கும் பதில் அதே வரிதான்.

இன்னொரு வடிவம் கையெழுத்து. ‘பணம் வேண்டாம்டா, வங்கியில ஜாமீன் கையெழுத்து மட்டும் போடு.’ இதைக் கேட்டதும் மனம் லேசாகிவிடும், கையிலிருந்து எதுவும் போகவில்லையே என்று. என் அனுபவத்தில் நேரடிக் கடனைவிட இது மோசம். கடன் கொடுத்தால், போகிற தொகை எவ்வளவு என்றாவது உங்களுக்குத் தெரியும், போன அன்றே தெரியும். ஜாமீன் போட்டால், அவர் எத்தனை தவணை தவறினார், அபராதம் எவ்வளவு ஏறியது என்று எதுவும் தெரியாமலே இருந்துவிட்டு, ஒருநாள் முழுப் பாக்கிக்கும் உங்களைத் தேடி வருவார்கள். வங்கி ஜாமீன் கேட்பதன் அர்த்தமே, இவரால் தனியாகக் கட்ட முடியுமா என்று அதற்குச் சந்தேகம் இருக்கிறது என்பதுதான். ஆள்களை எடைபோடுவதையே தொழிலாக வைத்திருக்கிறவர்களுக்கு வந்த சந்தேகம் அது. ‘உன் பேர்ல லோன் எடுத்துக் கொடு, தவணையை நான் கட்டிடறேன்’ என்பது இன்னும் ஒரு படி மேலே. காகிதத்தில் அவர் பெயரே இருக்காது, கடனாளி நீங்கள் மட்டும்தான். இந்த இரண்டுக்கும், “கையெழுத்தும் போட முடியாதுடா, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்” என்று சொன்னால் போதும்.

சின்னதாக ஏதாவது கொடுக்க மனம் வந்தால் கொடுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் அதே பேச்சில் அல்ல. அதே பேச்சில் கொடுத்தால் அது பேரத்தில் படிந்த தொகை ஆகிவிடும், ‘முதல் தவணை’ என்றும் நினைக்கலாம். நாலைந்து நாள் கழித்து, அவர் கேட்காமல், திரும்பி வராவிட்டால் ஒரு வாரத்தில் மறந்துவிடுகிற அளவுக்கு மட்டும், ‘இது கடன் இல்லை’ என்று சொல்லிக் கொடுங்கள்.

இப்போது அந்தப் பதினோரு ராத்திரிக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் உண்மையில் கனமாக இருப்பது இதுதான், பணம் இல்லை. அவர் அதைச் சொல்லிக்காட்டாமலே போகலாம். சொல்லிக்காட்டினால் உங்களுக்குத் தொண்டை அடைக்கும். அப்போது அதைச் சின்னதாக்காதீர்கள், ‘அதுவும் இதுவும் வேறடா’ என்று சட்டம் பேசாதீர்கள். “அதை நான் மறக்கவே மாட்டேன். உனக்கு ஒண்ணுன்னா நானும் அதே பெஞ்சுல படுப்பேன். ஆனா இந்தப் பணத்தை மட்டும் என்கிட்ட கேக்காத” என்று சொல்லுங்கள். அவர் அன்றைக்குக் கொடுத்தது தூக்கத்தையும் நேரத்தையும். அதைத் திருப்ப வேண்டுமென்றால் நேரமாகவே திருப்பலாம், இப்போதே அதற்கு இடம் இருக்கிறது.

எப்படி என்றால், மறுப்பைச் சொல்லி இரண்டு மூன்று நாள் ஆறவிட்டு, அவருக்கு விருப்பமிருந்தால் ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து நான் செய்கிற அந்தத் தாள் வேலையைச் செய்யுங்கள். இடது பக்கம் யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதி. வலது பக்கம் கையில் நிஜமாக வருவது மட்டும். கடனில் இருக்கிறவர்கள் பலருக்கு மொத்தத் தொகை எவ்வளவு என்றே தெரியாது. தனியாகக் கூட்டிப் பார்க்கும் தைரியம் இருக்காது. பக்கத்தில் ஒருவர் இருந்தால் கூட்டிவிடுவார்கள். அப்புறம் இடது பக்கத்தில் சீக்கிரம் வரப்போகிற தேதி எது என்று பாருங்கள். அந்தத் தேதிக்கு முன்னாலேயே அவர் கடன் கொடுத்தவரிடம் போய், ‘இந்தத் தேதியில் முழுதாகக் கட்ட முடியாது, இவ்வளவு கட்டுகிறேன், மீதிக்கு இத்தனை மாதம் வேண்டும்’ என்று எழுத்தில் கேட்கட்டும். தவணை தவறுவதற்கு முன் கேட்கிறவருக்கும், தவறிவிட்டு நாலு போனை எடுக்காமல் இருந்து பிறகு கேட்கிறவருக்கும் கிடைக்கிற பதில் ஒன்றாக இருக்காது. வலது பக்கத்தில் அந்தப் பெரிய வாடிக்கையாளரின் பாக்கி இருக்கிறதல்லவா? அதற்கு எழுத்தில் என்ன இருக்கிறது, கடைசியாக எப்போது நினைவூட்டினார், முழுதும் வராவிட்டால் பகுதியாக வாங்க முடியுமா என்று இருவரும் பார்க்கலாம். இதையெல்லாம் அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ‘நம்ம செட்ல அவன்கிட்ட கேட்டுப் பாரேன்’ என்று இன்னொரு நண்பரை மட்டும் கைகாட்டாதீர்கள். அது உங்கள் சங்கடத்தை இன்னொருவர் தலையில் இறக்கிவைப்பது.

ஒன்றை மட்டும் காதில் போட்டுக்கொள்ளுங்கள். பேசும்போது அவர், ‘இனி நான் இருந்து என்ன பிரயோஜனம்’ என்கிற மாதிரி ஏதாவது சொன்னால், பணம் பறிப்பதற்காக அப்படிச் சொல்கிறார் என்று ஒதுக்காதீர்கள், பயந்துபோய்ப் பணத்தையும் எடுத்து நீட்டாதீர்கள். ‘உயிரை விடணும்னு நினைக்கிறியா?’ என்று நேராகவே கேட்டுவிடுங்கள். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் இருந்தாலோ அன்றைக்கு அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டில் ஒருவருக்குத் தெரியப்படுத்தி, அன்றே ஒரு மனநல மருத்துவரிடமோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணிலோ பேச வையுங்கள். பணப் பேச்சு அப்புறம்.

பெரும்பாலும் அந்த அளவுக்குப் போகாது. கோபப்படுவார், அல்லது ‘சரிடா, பரவாயில்லை’ என்று சட்டென வெட்டிவிட்டுப் போவார். அதன்பின் ஒரு மௌனம் வரும். என் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் என் தோழி ஒருத்தி இப்படிக் கேட்டபோது, நான் மறுக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. போனை எடுக்காமல் இருந்தே சமாளித்துவிட்டேன். பின்னால் அவள் பொதுவான ஒருவரிடம் சொன்னாளாம், ‘பணம் தரலைங்கறதை நான் என்னைக்கோ மறந்துட்டேன், பதினாறு தடவை போன் பண்ணினதைத்தான் மறக்க முடியலை’ என்று. ஊருக்கெல்லாம் ஆலோசனை சொல்கிறவள் லட்சணம் இது.

அதனால் மௌனத்தை அவர் உடைப்பார் என்று காத்திருக்காதீர்கள். ஒரு வாரம், பத்து நாளுக்குள் நீங்களே கூப்பிடுங்கள், வேறு ஏதாவது விஷயத்துக்காக. பணத்தைப் பற்றி நீங்களாக எடுக்க வேண்டாம், மறுபடி மன்னிப்பும் வேண்டாம். ஒருமுறை கேட்டாயிற்று. அவர் எடுக்காவிட்டால் இன்னொரு பத்து நாள் கழித்து இன்னொரு தடவை. அவருக்குக் கோபத்தைவிட வெட்கம் அதிகமாக இருக்கும். பெரிய தொகையைக் கேட்டு மறுக்கப்பட்டவர் உங்கள் முகத்தைப் பார்க்கக் கூசுவார். நீங்கள் சாதாரணமாக இருந்தால்தான் அவரால் சாதாரணமாக முடியும். வீட்டுக்குப் புதிதாக ஏதாவது வாங்கியிருக்கும்போது அவர் வந்துவிட்டால், ‘இது தவணையில் வாங்கினது’ என்று விளக்கம் சொல்ல ஆரம்பிக்காதீர்கள். அந்த விளக்கம்தான் பழையதைக் கிளறும். சில நட்புகள் இதற்குப் பிறகும் திரும்புவதில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் நான் பார்த்தவரை, தெளிவாக மறுத்தவர்களிடம் திரும்பி வந்தவர்கள் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்களிடம் திரும்பி வந்தவர்களைவிட அதிகம்.

இன்றைக்கே பேசிவிடுங்கள். அவர் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைவதற்கு முந்தைய நேரமாகப் பாருங்கள். நீங்கள் அழைத்து அவர் எடுக்கவில்லை என்றால், அப்போது மட்டும் மெசேஜ் அனுப்பலாம், ஆனால் மறுப்பை அதில் எழுதாமல்: ‘பணம் விஷயமா உன்கிட்ட இன்னைக்கே பேசணும். என்னை நம்பி யாருக்கும் தேதி சொல்லிடாத. எத்தனை மணி ஆனாலும் கூப்பிடு, எடுக்கிறேன்.’ அனுப்பிவிட்டுப் போனைக் கையிலேயே வைத்திருங்கள்.